தாமதமாக வரும் சர்வருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஒரு காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். புனே ஸ்டேஷன் பக்கத்தில் சிறிய டிபன் ஓட்டல் நடத்துபவர். திருநெல்வேலிக்காரர். "சார், இதைக் கொஞ்சம் இங்கிலீஷில் திருத்தித் தர வேண்டும். நாளைக்கு நம் சர்வர் பையனிடம் கொடுக்கப் போகிறேன்" என்றார்.

வாங்கிப் படித்தேன். "நீ தினமும் லேட்டாக வருகிறாய். உன் சோம்பேறித்தனத்தால் வியாபாரம் கெடுகிறது. இனி ஒரு நாள் லேட்டாக வந்தாலும் வேலை கிடையாது. மூன்று நாள் லேட்டுக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும்." அவ்வளவுதான் கடிதம்.

நான் ரயில்வேயில் டிப்ளமா இன்ஜினீயராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். மேலிடத்திலிருந்து வாங்கியும் இருக்கிறேன். நண்பர் கேட்டது இங்கிலீஷ் திருத்தம். ஆனால் அந்தக் கடிதத்துக்கு வேண்டியிருந்தது வேறு. நம்மில் பலர் இங்கே ஓட்டல், மெஸ், கடை என்று நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறோம். இன்னும் பலர் பிறரிடம் வேலை பார்க்கிறோம். இரு தரப்பாருக்கும் பயன்படும் என்பதால், அந்தக் கடிதத்தை நாங்கள் எப்படி மாற்றி எழுதினோம் என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பதிவேடு

"தினமும் என்று எழுதியிருக்கிறீர்களே, தினமுமா?" என்று கேட்டேன். "ஏறக்குறைய தினமும்தான் சார்" என்றார். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நல்லவேளையாக அவர் ஓட்டலில் வந்த நேரத்தையும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தையும் எடுத்து உட்கார்ந்தோம்.

ஓட்டல் காலை 7 மணிக்குத் திறக்கிறது. காலை முறை சர்வர்கள் 6.30க்கு வந்து மேஜை துடைத்து, ஜக்குகளில் தண்ணீர் நிரப்பி, சட்னி சாம்பார் வாளிகளை எடுத்துவைக்க வேண்டும். அந்தத் தம்பி அந்த இரண்டு மாதத்தில் காலை முறைக்கு வந்த நாட்கள் 50. அதில் தாமதம் 14 நாள். ஆக, 'தினமும்' என்பது தவறு. 36 நாள் அவர் நேரத்துக்கு வந்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் கடிதம் முழுவதையும் பொய் என்று சொல்லிவிடலாம்.

ரயில்வேயில் ஒரு வண்டி தாமதமானால், எத்தனை நிமிஷம், எந்த இடத்தில், எதனால் என்று பிரித்து எழுதுவார்கள். இன்ஜின் கோளாறு ஒரு கணக்கு, சிக்னல் கோளாறு ஒரு கணக்கு, தண்டவாளத்தில் மாடு வந்தது ஒரு கணக்கு. எல்லாவற்றையும் டிரைவர் தலையில் கட்டினால் சிக்னல் ஒரு நாளும் சரியாகாது. அதே முறையில் அந்த 14 நாளையும் பிரித்துப் பார்த்தோம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, முந்தின நாள் அவருக்கு என்ன டூட்டி என்று எழுதினோம்.

இரண்டு மாதத்தில் 10 தடவை அவருக்கு முந்தின இரவு கடை மூடும் டூட்டி இருந்தது. கடை மூடி, கழுவித் துடைத்து வெளியே போக 11.15 ஆகும். மறுநாள் காலை 6.30க்கும் அவரே. அந்த 10 காலைகளில் 8 நாள் அவர் தாமதம். மற்ற 40 காலைகளில் தாமதம் 6 நாள்தான்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டூட்டி போட்டது அவர்தான்.

எழுதுமுன் கேட்பது

கடிதம் எழுதுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். பகல் 3 மணிக்கு, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மற்றவர்கள் இல்லாத இடத்தில். 'ஏன் லேட்?' என்று மட்டும் கேட்டால் 'இனிமே வரமாட்டேன் லேட்டா' என்றுதான் பதில் வரும். அதில் ஒன்றும் தெரியாது. பதிவேட்டைக் காட்டி, நாள் நாளாகக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டபோது அவர் சொன்னாராம்: "அண்ணாச்சி, கடை மூடுற அன்னைக்கு தாப்போடி ரூமுக்குப் போய்ப் படுக்க ஒரு மணி ஆயிருது. அஞ்சு மணிக்குக் குழாயில தண்ணி. அஞ்சு பேர் இருக்கோம், முறை வச்சுத்தான் குளிக்கணும். மத்த நாள் லேட்டு என் தப்புதான். முதல் பஸ்ஸை விட்டுட்டேன்." போன் செய்து சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல" என்றாராம்.

இதில் மூன்று விஷயம் தனித்தனியாக வந்துவிட்டது. 8 நாள் தாமதம் டூட்டி அட்டவணையால் வந்தது. அதைத் திருத்த வேண்டியவர் முதலாளி. 6 நாள் தாமதம் அவருடையது. அந்த ஆறில் ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் தகவல் சொல்லாதது அவருடைய இன்னொரு தவறு. உண்மையில் ஓட்டலுக்கு அதிக நஷ்டம் செய்தது அந்த மூன்றாவதுதான். 6.15க்குத் தெரிந்தால் வேறொருவரை மேஜைக்கு மாற்றலாம். தெரியாவிட்டால் ஒரே சர்வர் 12 மேஜையையும் பார்த்துத் திண்டாடுவார்.

இன்னொன்றும் பார்க்கச் சொன்னேன். அதே மாதங்களில் மற்ற சர்வர்கள் எத்தனை நாள் தாமதம்? ஒருவர் 2 நாள், இன்னொருவர் 1 நாள். அவர்களில் ஒருவர் 7 நாள் தாமதமாக வந்து அவருக்குக் கடிதம் போகவில்லை என்றால், இந்தக் கடிதத்தையும் கொடுக்கக் கூடாது. ஒரே தவறுக்கு ஆளுக்கொரு நியாயம் என்றால் கடிதத்துக்கு மதிப்பில்லை.

சம்பளம் பிடிப்பது பற்றி

'மூன்று லேட்டுக்கு அரைநாள் சம்பளம்' என்ற வரியை அடித்துவிட்டேன். பல கடைகளில் இது வழக்கம் என்று நண்பர் வாதாடினார். வழக்கம்தான், ஆனால் சட்டம் வேறு. வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் கழிக்கலாம். ஆனால் எவ்வளவு நேரம் வரவில்லையோ அந்த விகிதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 6 நாள் தாமதத்தையும் கூட்டினால் 126 நிமிஷம். மணிக்கு 75 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 157 ரூபாய் 50 காசு. நண்பரின் முறைப்படி 6 லேட்டுக்கு ஒரு முழு நாள், அதாவது எட்டு மணிக்கு 600 ரூபாய் போய்விடும். வித்தியாசமான 442 ரூபாய் 50 காசு உண்மையில் அபராதம். அபராதத்துக்குத் தனி விதிகள் உண்டு. எந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் அனுமதி பெற்று முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும்; சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும்; அந்தச் சம்பள காலத்தின் ஊதியத்தில் 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது; வசூலான தொகையை ஊழியர் நலனுக்கே செலவிட வேண்டும். இவ்வளவும் செய்யாமல் கல்லாவில் பிடித்துக்கொள்வது சரியல்ல.

"அரசாங்க ஆபீஸில் அரைநாள் கழிக்கிறார்களே?" என்று நண்பர் கேட்டார். அங்கே கழிப்பது அரைநாள் தற்செயல் விடுப்பை, சம்பளத்தை அல்ல.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

பெரிய தொழிற்சாலைகளுக்காக 1946இல் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், தாமதமாக வருவது ஒழுங்கீனங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஆனால் வெறும் தாமதம் அல்ல, 'வழக்கமாகிவிட்ட' தாமதம். சிறிய ஓட்டலுக்கு அந்த ஆணை பொருந்தாது என்றாலும் அந்தச் சொல் நமக்கு நல்ல வழிகாட்டி. ஒரு நாள், இரண்டு நாள் தாமதத்துக்கு வாயால் சொன்னால் போதும். சொல்லியும் தொடர்ந்தால்தான் காகிதம். நண்பர் மார்ச் 24ஆம் தேதி அவரை அழைத்துப் பேசியிருந்தார். அதன் பிறகும் மூன்று நாள் தாமதம். ஆகவே கடிதத்துக்கு நியாயம் இருந்தது.

பிரிட்டனில் தொழில் தகராறுகளைத் தீர்க்க உதவும் 'ஏகாஸ்' என்ற அமைப்பு இதற்கு ஒரு நடைமுறை விதி வகுத்திருக்கிறது. எழுத்து எச்சரிக்கையில் தவறு என்ன, என்ன மாற்றம் வேண்டும், எத்தனை நாளுக்குள், மாறாவிட்டால் என்ன ஆகும், எச்சரிக்கை எவ்வளவு காலம் செல்லும் என்பவை இருக்க வேண்டும் என்கிறது அது. நாங்களும் இதே வரிசையில் எழுதினோம். அந்தத் தம்பிக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்பதால் இங்கிலீஷை விட்டுத் தமிழில் எழுதினோம். மராத்தி மட்டும் படிப்பவருக்கு மராத்தியில் எழுத வேண்டும். படிக்க முடியாத கடிதத்தில் கையெழுத்து வாங்குவதால் ஒன்றும் விளையாது.

கடிதம் இதுதான். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

தேதி: ஏப்ரல் 29

திரு. ............ அவர்களுக்கு,

பொருள்: காலை டூட்டிக்குத் தாமதமாக வருவது பற்றி எழுத்து மூலம் முதல் எச்சரிக்கை.

உங்கள் காலை டூட்டி 6.30க்குத் தொடங்குகிறது. கீழ்க்கண்ட நாட்களில் நீங்கள் வந்த நேரம் பதிவேட்டில் உள்ளபடி:

மார்ச் 4 – 6.48 (18 நிமிஷம் தாமதம்)
மார்ச் 12 – 6.55 (25 நிமிஷம்)
மார்ச் 21 – 6.41 (11 நிமிஷம்)
ஏப்ரல் 3 – 6.52 (22 நிமிஷம்)
ஏப்ரல் 15 – 7.05 (35 நிமிஷம்)
ஏப்ரல் 22 – 6.45 (15 நிமிஷம்)

இவற்றில் மார்ச் 12 அன்று மட்டும் போனில் தகவல் சொன்னீர்கள். மார்ச் 24 அன்று இது பற்றி உங்களிடம் நேரில் பேசினேன்.

இரவு கடை மூடிய மறுநாள் காலையில் ஏற்பட்ட 8 தாமதங்களை இந்த எச்சரிக்கையில் சேர்க்கவில்லை. அது டூட்டி அட்டவணையால் வந்தது. ஏப்ரல் 26 அன்று நீங்கள் சொன்ன விளக்கத்தைக் கேட்டுக்கொண்டேன். மற்ற நாட்களில் பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொன்னீர்கள்.

நீங்கள் தாமதமாகும்போது உங்கள் 6 மேஜைகளையும் மற்றொரு சர்வர் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே மே 2 முதல் ஜூன் 26 வரை 8 வாரத்துக்குக் கீழ்க்கண்டபடி நடக்க வேண்டும்:

1. 6.30க்கு வேலை உடையில் ஓட்டலில் இருக்க வேண்டும். 6.35 வரை தாமதமாகக் கணக்கிட மாட்டோம்.
2. தாமதமாகும் என்று தெரிந்தால் 6.15க்குள் கல்லாவுக்குப் போன் செய்ய வேண்டும்.
3. வந்த நேரத்தை நீங்களே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நிர்வாகம் செய்வது: இரவு கடை மூடியவருக்கு மறுநாள் காலை டூட்டி போட மாட்டோம், 11 மணிக்கு வந்தால் போதும். போன் செய்து சொன்னதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பதிவேட்டை இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

இந்த 8 வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தாமதமானால், அல்லது தகவல் சொல்லாமல் ஒரு நாள் தாமதமானாலும், விளக்கம் கேட்டு அடுத்த எச்சரிக்கை தரப்படும். இந்தக் கடிதத்தால் உங்கள் சம்பளமோ டிப்ஸோ குறையாது. திருப்தியாக இருந்தால் அக்டோபர் 31க்குப் பிறகு இந்த எச்சரிக்கை செல்லாது.

இதில் தவறு ஏதும் இருந்தால் 7 நாளுக்குள் எழுதித் தாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் என் பங்காளியிடம் தரலாம்.

(கையெழுத்து) உரிமையாளர்

கடிதத்தின் ஒரு பிரதியைப் பெற்றுக்கொண்டேன். படித்துப் பார்த்தேன். என் விளக்கம்: ............

சில வரிகளுக்கு விளக்கம்

'நீ' என்பது 'நீங்கள்' ஆனதையும், 'சோம்பேறி' என்ற சொல் போனதையும் கவனித்திருப்பீர்கள். மரியாதைக்காக மட்டும் அல்ல. 6.52க்கு வந்தார் என்பதைப் பதிவேடு காட்டும். சோம்பேறி என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. நிரூபிக்க முடியாததை எழுதினால் நிரூபிக்க முடிந்ததும் பலவீனமாகிவிடும்.

இரண்டு நாள் தாமதத்தை அனுமதித்தது நண்பருக்கு முதலில் பிடிக்கவில்லை. 40 நாளில் 6 நாள் தாமதமாக வந்தவர், 8 வாரத்தில் ஒரு நாள்கூட ஆகக் கூடாது என்றால், மூன்றாவது வாரத்தில் பஸ் பழுதாகி நின்றாலே கடிதம் அவரைத் தோற்கடித்துவிடும். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு மனிதன் முயற்சியை விட்டுவிடுவான். செய்து முடிக்கக் கூடிய அளவைத்தான் எழுத வேண்டும்.

கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்றுதான் எழுதினோம். 'தவறை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதவில்லை. ஒப்புக்கொள்ளச் சொன்னால் பலர் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அப்படித் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். ஒரு சாட்சியின் முன்னிலையில் கொடுத்து, வாங்க மறுத்தார் என்று தேதியுடன் குறித்துக்கொண்டால் போதும். பிரதி இரண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று கோப்புக்கு.

எச்சரிக்கைக்கு முடிவு தேதி ஏன் என்றும் நண்பர் கேட்டார். தேதி இல்லாவிட்டால் ஐந்து வருஷம் கழித்து வேறு கோபத்தில் இதைத் தூக்கிக் காட்டத் தோன்றும். பழைய குற்றத்தைக் கணக்கில் எடுத்துத் தண்டிக்க நினைத்தால், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும் என்று மைசூர் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மகாராஷ்டிரத்தில் 1971இல் வந்த தொழிற்சங்கச் சட்டமும், சின்னத் தவறுக்கு முந்தைய நடத்தையைப் பார்க்காமல் அளவு மீறித் தண்டித்து வேலையை விட்டு நீக்குவதை நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளில் ஒன்றாக எழுதிவைத்தது. 'இனி ஒரு நாள் லேட்டானாலும் வேலை கிடையாது' என்ற நண்பரின் முதல் வாசகம் அந்த வகையில்தான் சேரும்.

இந்தக் கடிதத்தால் முடியாததும் உண்டு. அவர் தொடர்ந்து தாமதமாக வந்திருந்தால் இதை வைத்து மட்டும் வேலையை விட்டு நீக்க முடியாது. மறுபடி விளக்கம் கேட்டு, கடைசி எச்சரிக்கை கொடுத்து, அதன் பிறகு முறையான விசாரணை என்றுதான் போக வேண்டும். உடம்பு சரியில்லாததாலோ, வீட்டில் நோயாளி இருப்பதாலோ தாமதம் என்று தெரிய வந்தால் எச்சரிக்கைக் கடிதமே வேண்டாம். நேரத்தை மாற்றித் தருவதுதான் வழி.

பிறகு நடந்தது

கடிதத்தை வாங்கிய தம்பி முதலில் முகம் வாடி நின்றாராம். 'நிர்வாகம் செய்வது' என்ற பகுதிக்கு வந்ததும் இரண்டு தடவை படித்தாராம். கீழே விளக்கம் எழுதும் இடத்தில், "மார்ச் 21ந் தேதி நான் 6.35க்கே வந்துவிட்டேன், மாவு மூட்டை இறக்கிவிட்டு வந்து எழுதினேன்" என்று எழுதிக் கொடுத்தார். சமையல்காரரை விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. அந்த நாளை அடித்து, நண்பர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு ஐந்தாயிற்று, நிமிஷம் 115 ஆயிற்று. 6.35 வரை தாமதமில்லை என்று நாங்களே எழுதியிருந்தோமே. விளக்கத்துக்கு இடம் விடாமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

எட்டு வாரத்தில் அவர் தாமதமானது இரண்டு நாள். இரண்டு நாளும் 6.15க்கு முன்பே போன் வந்தது. ஒரு நாள் 40 நிமிஷம். அன்று நண்பர் கொதித்துப்போய் எனக்குப் போன் செய்தார். "உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்" என்றேன். படித்தார், போனை வைத்துவிட்டார்.

ஜூன் 27 அன்று இருவரும் கடைசியாகப் பதிவேட்டைப் பார்த்தார்கள். கோப்பில் இருந்த பிரதியின் ஓரத்தில் 'திருப்தி' என்று எழுதித் தேதி போட்டார் நண்பர். அக்டோபர் 31 தாண்டியதும் அதைக் கோப்பிலிருந்து எடுத்து அந்தத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போது அந்த ஓட்டலில் இரவு கடை மூடும் எல்லோருக்குமே மறுநாள் டூட்டி 11 மணிக்குத்தான்.